ஒன்பதாவது வரியில் போட்ட டிக்

எங்கள் ஆபீஸில் பீரோவின் கதவில் உள்பக்கமாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். இன்டர்நெட் போனாலோ, பதிவுகளை நேரம் குறித்து வைக்கும் டூல் படுத்துக்கொண்டாலோ, முக்கியமான பதிவைக் கையால் எப்படிப் போடுவது என்று வரிசையாக எழுதிய தாள். எழுதியது நான். அதனால் அதில் உள்ள தப்பும் என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு முதலாளி அண்ணன் மேல் நான் குறை சொல்லும்போது யாரும் அவரை மட்டும் திட்டிவிடக் கூடாது.

சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் இரண்டு அறை. அதில் நாங்கள் மூன்று பேர். முதலாளி அண்ணன், டிசைன் செய்யும் செல்லூர்க்காரப் பெண், நான். ஒரு நகைக்கடை, ஒரு கல்யாண மண்டபம், இரண்டு பள்ளிக்கூடங்கள், அவனியாபுரம் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி என்று சிலருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. என் அம்மாவுக்கு இன்றுவரை இந்த வேலை புரியவில்லை. "போன்ல போட்டோ போடுறதுக்கா சம்பளம்" என்று கேட்பாள். சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வரும்.

அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் நல்ல நேரம் பார்க்க வேண்டும். வாரத் தொடக்கத்தில் தினசரிக் காலண்டரைக் கிழித்து வைத்துக்கொண்டு, எந்தப் பதிவு எத்தனை மணிக்கு என்று அவரே குறிப்பார். வெள்ளிக்கிழமை நகைக்கடைப் பதிவென்றால் பத்தரைக்குள் போயாக வேண்டும், அதற்கு மேல் ராகுகாலம். வாடிக்கையாளர்களும் அப்படித்தான். "காலையில ஒம்போதேகாலுக்குப் போட்ருங்க, எமகண்டத்துல மாட்டிக்கிடாம" என்று மண்டபத்துக்காரர் சொல்லும்போது நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்துக்கொள்வேன். டூல் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. வாரத்துக்கான பதிவுகளை ஒரே மூச்சில் ஏற்றி, நேரத்தைக் குறித்துவிட்டால், அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அது போடவில்லை. பத்து மணிக்குப் போக வேண்டிய நகைக்கடைப் பதிவு போகவில்லை. டூலுக்குப் போனால் சக்கரம் சுற்றுகிறது. கையால் போடலாம் என்றால் கடைசியாகத் திருத்திய படம் டூலுக்குள்தான் இருக்கிறது. பக்கத்துக்குள் நுழைய முயன்றால் ரகசிய எண் அண்ணனின் போனுக்குப் போகிறது. அண்ணன் மண்டபத்தில் ஒரு காதுகுத்தில், போனை அண்ணியின் பையில் வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். பதிவு போகும்போது பத்தே முக்கால். நகைக்கடைக்காரர் ஒரு வாரம் எங்களோடு சரியாகப் பேசவில்லை.

அன்று சாயங்காலமே நான் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதினேன். கோபத்தில் எழுதியதால் நன்றாக வந்தது. நின்றது நம்முடைய நெட்டா, டூலா என்று பார்க்க வேண்டும். ஆபீஸ் நெட் போனாலும் டூல் வேறு ஏதோ ஊரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், குறித்த நேரத்தில் அது போட்டுவிடும். நாமும் அவசரப்பட்டுப் போட்டால் ஒரே பதிவு இரண்டாகிவிடும். டூல்தான் நின்றதென்றால் வேறு கம்பெனி சிம் உள்ள போனில் இருந்து நேரடியாகப் போடலாம். முடிவான வாசகமும் படமும் எப்போதும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் இரண்டு பேர் போனிலும் இருக்க வேண்டும். ரகசிய எண் வராத நேரத்துக்கென்று முன்கூட்டி வாங்கிவைத்த எண்களைக் கவரில் போட்டு ஒட்டிப் பீரோவில் வைக்க வேண்டும். போடுவது ஒரே ஒருவர், மற்றவர் கை வைக்கக் கூடாது. போடும் முன் வாடிக்கையாளருக்குப் போன் செய்து வாசித்துக் காட்ட வேண்டும். போட்ட பிறகு, அந்தப் பக்கத்துக்குள் நுழையாத வேறொரு போனில் திறந்து பார்க்க வேண்டும். போட்ட நேரத்தைத் தாளில் எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, முதல் வரியாக நான் எழுதியிருந்தது வேறு. "டூலில் வரிசையில் நிற்கும் பழைய பதிவை எடுத்துவிடு. எடுக்க முடியாவிட்டால், எடுக்கும்வரை ஒருவர் அதற்குப் பொறுப்பு." இதுதான் முதல் வரி.

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். மேலே பிள்ளையார் சுழி போட்டார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். பிறகு முதல் வரியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, எடுத்த எடுப்புல எடுத்துவிடுன்னு இருக்கு."

"அதான் அண்ணே மொத வேல. பழசு உள்ள நின்னுச்சுன்னா பெறகு அது பாட்டுக்கு வந்து விழும்."

"வெவரம் சரிதான். ஆனா மஞ்ச தடவுன தாள்ல மொத வரியே நீக்குறது, எடுக்குறதுன்னு இருந்தா நல்லாவா இருக்கு? போடுன்னு ஆரம்பி. எடுக்குறத கடைசில வச்சுக்க."

செல்லூர்க்காரி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். மல்லுக்கட்டியிருக்கலாம். ஆனால் அன்று மணி ஆறரை, எனக்கு வண்டியூர் போக வேண்டும், தெப்பக்குளம் பக்கம் கூட்டம் சேர்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் மனசில். சரி அண்ணே என்று அதைத் தூக்கி ஒன்பதாவது வரியாகப் போட்டுவிட்டேன். வரிசை மாறினால் என்ன, எல்லா வரியும்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு வழக்கமும் அவர் சேர்த்தார். கையால் போட்ட நாளில் அந்தத் தாளின் நகல் ஒன்றை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் டிக் போட வேண்டும். விளக்கு வைக்கும் முன் தாள் முடிந்து ஃபைலுக்குள் போய்விட வேண்டும். பாதியில் நிற்கும் காகிதம் மேசையில் கிடந்தால் வேலை வளராது என்பது அவர் கணக்கு.

இனி ஆஸ்பத்திரி விஷயம்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சில மாதங்களுக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு இலவச இருதய முகாம் நடக்கும். சென்னையில் இருந்து ஒரு டாக்டர் வந்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். சின்னக் குழந்தைகள் ஸ்கேன் எடுக்கும்போது அசையாமல் படுக்காது என்பதால் தூங்குவதற்கு மருந்து கொடுப்பார்கள். அதற்கு ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை முகாம் காலை பதினொரு மணிக்கு. ஆகவே விடியற்காலை நாலே முக்காலுக்கு ஒரு நினைவூட்டலை டூலில் குறித்து வைத்திருந்தோம். "முகாம் இன்று காலை 11 மணிக்கு. 5 மணிக்குப் பிறகு குழந்தைக்குப் பால்கூடக் கொடுக்க வேண்டாம்." படத்தில் ஒரு பால் புட்டி, அதன் மேல் சிவப்புக் கோடு. செல்லூர்க்காரி போட்ட படம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அதில் எனக்குப் பெருமை வேறு.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி சுமாருக்கு ஆஸ்பத்திரி மேனேஜர் அழைத்தார். டாக்டருக்குக் காலை விமானம் கிடைக்கவில்லை, மத்தியான விமானத்தில்தான் வருகிறார், முகாம் மாலை நான்கு மணிக்கு மாறிவிட்டது.

"மேடம், காலையில பத்து மணிக்குள்ள பிள்ளைகளுக்கு நல்லா சாப்பாடு குடுத்துரச் சொல்லிப் போடுங்க. பத்துக்கு அப்புறம் வேணாம். இல்லன்னா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பட்டினி கெடக்கும். இதயக் கோளாறு இருக்குற பிள்ளைக, ரொம்பப் பாவம். நாங்களும் போன் பண்ணிச் சொல்றோம், ஆனா பாதிப்பேரு எடுக்க மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் குழாய்க்குத் தோண்டுகிறவர்கள் எங்கள் நெட் ஒயரையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். போனில் இருந்து டூலைத் திறந்தால் அதுவும் திறக்கவில்லை. நுழையும் பக்கமே வரவில்லை. இரண்டும் ஒரே நாளில் நிற்கும் என்று நான் எழுதியபோது நினைக்கவில்லை.

ஆனால் தாள் இருந்தது. நகலை எடுத்துக்கொண்டோம். அன்று அந்தத் தாள் வேலை செய்த அழகைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. செல்லூர்க்காரி தன் போனிலேயே புதுப் படம் செய்தாள். கவரைப் பிரித்து எண்ணை எடுத்து என் போனில் நுழைந்தேன். மேனேஜருக்கு வாசகத்தை வாசித்துக் காட்டினேன், "நாலு மணி" என்பதை இரண்டு தடவை சொல்ல வைத்தேன். நாலேகாலுக்குப் பதிவு போய்விட்டது. அண்ணன் தன் போனில் திறந்து சத்தமாகப் படித்தார். நேரம் எழுதினேன். டிக், டிக், டிக்.

ஒன்பதாவது வரி மட்டும் நின்றது. டூல் திறக்கவில்லை, பிறகெப்படி எடுப்பது. ஐந்து மணிக்கு ஒருமுறை பார்த்தேன், திறக்கவில்லை. ஐந்தே முக்காலுக்குப் பார்த்தேன், திறக்கவில்லை. செல்லூர்க்காரி கிளம்பும்போது கேட்டாள்.

"அக்கா, அந்தப் பழசு?"

"டூலே மூச்சில்லாமக் கெடக்கு. அது எங்கிட்டுப் போடப் போகுது?"

"இல்லக்கா, ராத்திரி எந்திரிச்சுருச்சுன்னா?"

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கிறேன். நீ போ, பிள்ளைக தேடும்."

அண்ணன் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். "தாள் முடிஞ்சுச்சாம்மா?" என்று திரும்பாமலே கேட்டார். நான் ஒன்பதாவது கட்டத்தில் டிக் போட்டு ஃபைலுக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போய் எடுத்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் முன்கூட்டிப் போட்ட டிக். பொய் என்று அப்போது தோன்றவில்லை.

டிக் போட்ட வேலை மனசில் இருந்து போய்விடும். அதுதான் டிக்கின் குணம், அன்றுதான் தெரிந்தது. வீட்டில் மாவு அரைத்தேன், சீரியல் பார்த்தேன், நன்றாகத் தூங்கினேன்.

காலை ஏழேகாலுக்குச் செல்லூர்க்காரி அழைத்தாள். பின்னால் அவர்கள் தெருத் தறிச் சத்தம் கேட்டது, அதை மீறிக் கத்தினாள்.

"அக்கா, பால் புட்டி படம் போயிருக்குக்கா. நாலே முக்காலுக்குப் போயிருக்கு. பக்கத்துல அதுதான் மேல நிக்குது."

ராத்திரியில் எப்போதோ டூல் எழுந்துவிட்டது. எழுந்த டூல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. யாரும் எடுக்காததால், நாலே முக்காலுக்குப் போடு என்று நான் சொல்லி வைத்ததைப் போட்டுவிட்டது. சாயங்காலம் நாங்கள் போட்ட சரியான பதிவு கீழே போய்விட்டது. ஊரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போகும் ஒருத்தி காலையில் பக்கத்தைத் திறந்தால், பால் கொடுக்காதே என்பதுதான் கண்ணில் படும்.

அண்ணனைக் கூப்பிட்டேன். "சட்டுனு அழிச்சிரும்மா, யாரும் பாக்குறதுக்குள்ள" என்றார். ஏற்கெனவே இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. பதினெட்டுப் பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். அழித்தால் பகிர்ந்ததில் இருந்தும் போகும், ஆனால் படத்தைப் போனில் பிடித்து வாட்சப்பில் அனுப்பியவர்களிடம் இருந்து எப்படிப் போகும்?

"அழிச்சா மட்டும் பத்தாது அண்ணே. தப்புன்னு சொல்லித்தான் ஆகணும்."

"நம்ம தப்புன்னா?"

"ஆமா. நம்ம தப்புன்னு."

"போடு. மேனேஜர்ட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். நல்ல நேரமா என்று கேட்கவே இல்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் இதை நான் மறக்க மாட்டேன்.

முதலில் டூலுக்குள் போய் வரிசையில் வேறு ஏதாவது நிற்கிறதா என்று பார்த்து, முகாம் சம்பந்தப்பட்டதை எல்லாம் எடுத்தேன். பால் புட்டியை அழித்தேன். "இன்று காலை 4.45க்கு வந்த பதிவு தவறு. அதைப் பார்க்க வேண்டாம். முகாம் மாலை 4 மணிக்கு. இப்போதே குழந்தைக்கு உணவு கொடுங்கள், 10 மணி வரை கொடுக்கலாம்" என்று எழுதி, பக்கத்தின் உச்சியில் நிற்கும்படி பின் செய்தேன். ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்த இரண்டு பெண்கள் நோட்டை வைத்துக்கொண்டு மறுபடி ஒவ்வொரு நம்பராக அழைக்கத் தொடங்கினார்கள். ஏழரை மணி. பத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம்.

அதற்கு மேல் போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார என்னால் முடியவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போனேன். இரண்டு வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதன் வாசலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வாசலில் ஒரு வேப்ப மரம் இருப்பதுகூட எனக்குத் தெரியாது. நாங்கள் போடும் படங்களில் அது இல்லை.

எட்டேகாலில் இருந்து கேட்டில் நின்றேன். பிள்ளையோடு வருகிற ஒவ்வொருவரையும் மறித்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். பலருக்குப் போன் போயிருந்தது. சிலர் சாயங்காலப் பதிவைப் பார்த்திருந்தார்கள், நாலு மணிக்கு என்று தெரிந்தும் சீக்கிரமே வந்து இடம் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தாத்தா, "நீ யாரும்மா, கேன்டீனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நோட்டில் ஒரு பெயர் மட்டும் மாறி மாறி அழைத்தும் கிடைக்கவில்லை. செக்கானூரணி தாண்டி ஒரு ஊர். இரண்டரை வயதுப் பிள்ளை. போன் அப்பாவுடையது, அவர் வேலைக்குப் போயிருந்தால் அம்மாவிடம் போனே இருக்காது என்று வரவேற்புப் பெண் சொன்னாள். இரண்டு பஸ் மாறித்தான் வர வேண்டும். முகாம் பதினொன்றுக்கு என்று நினைத்துக் கிளம்பியிருந்தால் பத்து மணிக்குப் பிறகுதான் வந்து சேர்வாள். பத்துக்குப் பிறகு வந்தால் கொடுக்க முடியாது. கொடுத்தால் ஸ்கேன் கிடையாது, டாக்டர் மறுபடி எப்போது வருவாரோ. கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை முந்தின ராத்திரிச் சோற்றோடு சாயங்காலம் நாலு மணி வரை, அதற்கு மேலும் கூட, இருக்க வேண்டும். இதில் எதை நான் விரும்புவது? சாமியைக் கும்பிடுகிற பழக்கம் எனக்கு அவ்வளவாக இல்லை. அன்று கும்பிட்டேன்.

ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. நர்ஸிடம் போய், பத்தே காலுக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் நல்ல மாதிரிதான். "அப்ப அந்தப் பிள்ளைய கடைசியா எடுக்கச் சொல்லி டாக்டர்ட்ட கேப்போம். நீங்க நில்லுங்க" என்றார். என் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது.

ஒன்பது ஐம்பதுக்கு, ரோட்டின் எதிர்ப்புறம் நின்ற பஸ்ஸில் இருந்து ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் பிள்ளை. மெலிந்த பிள்ளை, தலை தோளில் சாய்ந்திருந்தது. கையில் ஒரு ஒயர் கூடை. நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன், பைக்கில் வந்த ஒருவன் திட்டிக்கொண்டே போனான்.

"முகாமுக்கா வாரீங்க? பிள்ள சாப்புட்டுச்சா?"

அவள் பயந்து பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "இல்ல. ஒண்ணுமே குடுக்கல. அஞ்சு மணிக்கு முன்னாடி எழுப்புனேன், பால் குடிக்க மாட்டேன்னுட்டா. அதுக்குப் பெறகு சொட்டுத் தண்ணி குடுக்கல அக்கா, நெசமா." கொடுத்துவிட்டாயா என்று அதட்டுவதற்காக ஓடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"குடுக்கணும். இப்பவே குடுக்கணும், பத்து நிமிசந்தான் இருக்கு. நேரத்த மாத்திட்டாங்க, நாலு மணிக்குத்தான்."

கூடையில் தூக்குவாளியில் பால் இருந்தது. ஸ்கேன் முடிந்ததும் கொடுப்பதற்காகக் காய்ச்சி எடுத்து வந்தது. சின்னத் துணிப்பொட்டலத்தில் இரண்டு இட்லி. வாசலுக்குள் வந்து வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். நர்ஸ் வெளியே வந்து பார்த்து, சீக்கிரம் என்று மட்டும் சொன்னார். பிள்ளை முதலில் வாயைத் திறக்கவே இல்லை. பசி மீறிப்போனால் பிள்ளைகள் அப்படித்தான். பிறகு ஒரு வாய் வாங்கியது. பிறகு அம்மாவின் கையையே பிடித்து இழுத்து வாங்கியது. இரண்டு இட்லியும் போய், பாலும் பாதிக்கு மேல் போயிற்று. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து, போதும் என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க ஏன் அழுகுறீங்க அக்கா? நீங்க இங்க வேலை பாக்குறீங்களா?"

அப்போதும் கேன்டீன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "காலையில அந்தப் பால் புட்டி படம் போட்டது நான்தான்" என்றேன். "அது தப்பா வந்துருச்சு. நேத்தே எடுத்திருக்கணும். எடுக்காம எடுத்துட்டேன்னு எழுதி வச்சுட்டேன். என்னாலதான் ஒங்க பிள்ள பட்டினி கெடந்துச்சு."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்துப் போட்டதையும் பாத்தேன்க்கா" என்றாள். "பக்கத்து வீட்டுப் பிள்ள போன்ல காட்டுச்சு. நாலு மணி, சாப்பாடு குடுங்கன்னு இருந்துச்சு. விடிகாலைல படிக்க எந்திரிச்சது, படம் வந்த ஒடனே மறுபடி காட்டுச்சு, பதினொரு மணி, பால் குடுக்காதீங்கன்னு. ரெண்டுல எதக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியல. கேக்குறதுக்கும் ஆளில்ல, அவரு வேலைக்குப் போயிட்டாரு."

"அப்ப எப்படி முடிவு பண்ணீங்க?"

பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "எது கஷ்டமா இருக்கோ அதக் கேட்டேன். ஆஸ்பத்திரில எப்பவும் கஷ்டமானதுதான சரியா இருக்கும்."

பிள்ளை அவள் மடியில் தூங்கிவிட்டது.